திருமணத்துக்கு முன் மீதித் தொகை கேட்கும் செய்தி: இனிமை குறையாமல், தேதி தெளிவாக

கேள்வி: சென்னையில் திருமணப் புகைப்படத் தொழில் செய்கிறேன். ஆகஸ்ட் 29 சனி மாலை வரவேற்பு, 30 ஞாயிறு காலை முகூர்த்தம், வடபழனியில் மண்டபம். மொத்தம் 1,80,000 ரூபாய் பேசி, ஜூன் மாதம் 60,000 முன்பணம் வாங்கியிருக்கிறேன். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு 90,000, ஆல்பம் தரும்போது 30,000 என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெண்ணின் அப்பாவுக்கு நான் வழக்கமாக அனுப்பும் செய்தி இது: "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது? தொந்தரவுக்கு மன்னிக்கவும். பேலன்ஸ் அமவுண்ட் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினா உதவியா இருக்கும். ஃபங்ஷனுக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லது. உங்களுக்கு வசதிப்படும்போது பண்ணுங்க. நன்றி." இப்படி அனுப்பினால் பெரும்பாலும் மண்டபத்தில்தான் பணம் கைக்கு வருகிறது, அதுவும் பாதி. உறவு கெடாமல், ஆனால் கடைசித் தேதி தெளிவாகத் தெரியும்படி இதை எப்படி மாற்றி எழுதுவது?

பதில்:

உங்கள் செய்தியில் மரியாதைக்குக் குறைவில்லை. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எதற்காக அந்தத் தேதி என்ற மூன்றும்தான் அதில் இல்லை. "கொஞ்சம் சீக்கிரம்", "ஃபங்ஷனுக்கு முன்னாடி", "வசதிப்படும்போது" என்று ஒரே செய்தியில் மூன்று காலக்கெடுக்களைச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியாக வருவது முதல் இரண்டையும் அழித்துவிடுகிறது. பெண்ணின் தந்தை அந்த நேரத்தில் சமையல்காரர், பூ அலங்காரம், மண்டப மீதி, நாதஸ்வரம், பட்டுக்கடை, நகைக்கடை என்று பத்துப் பேருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பவர். தேதி சொன்னவர்களுக்கு அந்தத் தேதியில் கொடுக்கிறார். தேதி சொல்லாதவர்களைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுகிறார். வசதிப்படும்போது கொடுங்கள் என்று நீங்களே சொன்ன பிறகு அவர் மண்டபத்தில் கொடுத்தால், அவர் உங்கள் சொல்லைத்தான் கேட்டிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்ற வரியும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தவணையைக் கேட்பதற்கு மன்னிப்புக் கேட்டால், அது தவணை என்பது மறைந்து கைமாற்றுக் கேட்பது போல் ஆகிவிடுகிறது; "உதவியா இருக்கும்" என்பது அதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. கைமாற்றை மறுக்கலாம், தள்ளிப்போடலாம், பாதி கொடுக்கலாம். தவணையை அப்படி நினைக்க யாருக்கும் தோன்றாது.

செய்தியை எழுதுவதற்கு முன் தேதியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். "நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெளிவாகத் தோன்றினாலும், நிகழ்ச்சி என்பது வரவேற்பா முகூர்த்தமா என்று அதில் இல்லை. 29-ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 19 புதன்கிழமை வருகிறது. 30-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 20 வியாழக்கிழமை. ஒப்பந்தத்தை எழுதியவர் நீங்கள் என்பதால், அதிலுள்ள குழப்பத்தின் பலனை வாடிக்கையாளருக்குக் கொடுத்து, பிந்தைய நாளான 20-ஐ எடுத்துக்கொள்வதே நியாயம். செய்தியில் "பத்து நாள் முன்பு" என்று மீண்டும் எழுதாமல், "ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை, மாலை 6 மணிக்குள்" என்று தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். கிழமையையும் சேர்த்து எழுதினால் அவர் மனத்தில் நாள் உடனே பதியும். தேதியில் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வியாழக்கிழமை வேறொரு வகையிலும் உங்களுக்குச் சாதகமான நாள். செவ்வாயிலும் வெள்ளியிலும் வீட்டிலிருந்து பணத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று பார்க்கும் குடும்பங்கள் சென்னையில் இன்றும் நிறைய இருக்கின்றன. விளக்கு வைத்த பிறகு கொடுக்கத் தயங்குபவர்களும் உண்டு. 18 செவ்வாய், 21 வெள்ளி. இவற்றில் ஒன்றைக் கடைசி நாளாகச் சொல்லியிருந்தால், அவர் மறுப்புச் சொல்லாமலே ஒரு நாள் தள்ளிக் கொடுப்பார், உங்கள் தேதியும் அன்றே மதிப்பிழந்துவிடும். ஆடியில் கல்யாணச் செலவைத் தொட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் 20-ஆம் தேதி வசதியானது; அதற்குள் ஆவணி பிறந்துவிடும். மாலை 6 மணி என்று நேரம் குறிப்பதும் இதற்காகத்தான்: வங்கியில் ஏதேனும் சிக்கல் வந்தாலும் அன்றிரவே பேசி வழி செய்துகொள்ள நேரம் இருக்கும்.

தேதிக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் உங்கள் வேலையிலிருந்தே வர வேண்டும். ஆவணி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் நகரத்தில் நல்ல கேண்டிட் எடுப்பவர்களும் வீடியோ எடுப்பவர்களும் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். அவர்களுக்குக் கையில் முன்பணம் கொடுத்த பிறகுதான் அவர்கள் உங்களுடையவர்கள். வெறும் வாய்ச்சொல்லோடு விட்டால், இன்னொருவர் முன்பணத்தோடு வரும்போது போய்விடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 22 சனிக்கிழமைக்குள் அவர்களை உறுதி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20-ஆம் தேதியைக் கடைசி நாளாகச் சொன்னால், நடுவில் ஒரு முழு நாள் உங்கள் கையில் இருக்கும். அந்த இடைவெளியை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம். "20-ஆம் தேதி, இல்லாவிட்டால் 22-க்குள்" என்று எழுதினால் 22 மட்டும்தான் அவர் நினைவில் நிற்கும்.

"எங்கள் நிறுவன விதிமுறைப்படி" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தேதியைக் கடுமையாக்குகிறதே தவிர, அதற்குக் காரணம் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் பேசி முடித்த ஒருவர் திடீரென்று நிறுவனமாக மாறிப் பேசுவது ஒட்டவும் ஒட்டாது. தன் மகள் திருமணத்துக்கு வரும் ஆட்களை உறுதி செய்யத்தான் இந்தத் தேதி என்று புரிந்தால், அதைக் காப்பாற்ற அவரே விரும்புவார்.

அடுத்து தொகை. உங்கள் செய்தியில் "பேலன்ஸ் அமவுண்ட்" என்று மட்டும் இருக்கிறது. இந்தக் கணக்கில் பாக்கி 1,20,000; இப்போது கேட்பது 90,000. இரண்டையும் மீதி என்றே சொல்ல முடியும் என்பதால், "எல்லாவற்றையும் இப்போதே கேட்கிறாரோ, ஆல்பம் வராமல் எப்படி முழுப் பணம் கொடுப்பது?" என்று அவருக்கு ஒரு ஐயம் எழும். அந்த ஐயத்தை உங்களிடம் கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பணம் அனுப்புவதைத் தள்ளிப்போடுவார். ஆகவே மொத்தம், வந்தது, இப்போது வர வேண்டியது, பிறகு வர வேண்டியது என்று நான்கு தொகைகளையும் ஒரே பத்தியில் எழுதிவிடுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், 1,80,000-இல் வரி அடங்கியிருக்கிறதா, அதற்கு மேல் 18 சதவீதம் வருமா என்பது ஒப்பந்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்; இந்தச் செய்தியில் முதல்முறையாக வரியைக் குறிப்பிட்டால், நீங்கள் விலையை ஏற்றிவிட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அதேபோல் இடையில் பேசிய கூடுதல் வேலைகளை, உதாரணமாக நலங்குக்கு ஒரு ஆள், வரவேற்பில் பெரிய திரை போன்றவற்றை, இந்தத் தொகையோடு கலக்காதீர்கள். அவற்றில் பேரம் பேச இடம் இருக்கிறது. அந்தப் பேரம் முடியும்வரை 90,000-உம் சேர்ந்து நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் செய்தியை இப்படி மாற்றி எழுதலாம்:

"வணக்கம் சார். தங்கள் மகளின் திருமணப் புகைப்பட வேலை தொடர்பாக எழுதுகிறேன்.

ஒப்பந்தப்படி மொத்தத் தொகை ரூ. 1,80,000. ஜூன் மாதம் தாங்கள் அனுப்பிய முன்பணம் ரூ. 60,000 வந்து சேர்ந்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய தவணை ரூ. 90,000. மீதி ரூ. 30,000 ஆல்பம் தரும்போது கொடுத்தால் போதும்.

இந்த ரூ. 90,000-ஐ ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை மாலை 6 மணிக்குள் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 29, 30 இரண்டு நாளுக்கும் கேண்டிட், வீடியோ எடுப்பவர்களுக்கு முன்பணம் கொடுத்து உறுதி செய்வது இந்தத் தொகையைக் கொண்டுதான்.

ஜூன் மாதம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம், எதுவும் மாறவில்லை. விவரம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இந்தத் தேதியில் ஏதாவது சிரமம் இருந்தால் இந்த வாரத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பேசிக்கொள்வோம். கல்யாண வேலைகள் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் சார்."

இந்தச் செய்தியில் நலம் விசாரிப்பு முதலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "நல்லா இருக்கீங்களா, வேலையெல்லாம் எப்படிப் போகுது" என்று தொடங்கினால், கைப்பேசியின் மேல்பட்டையில் அந்த வரி மட்டுமே தெரியும். அவர் "நல்லா இருக்கோம் தம்பி, ஓடிக்கிட்டு இருக்கோம்" என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்ற நிறைவு அவருக்கு வந்துவிடும். பணத்தைப் பற்றிய வரிகள் அப்படியே நிற்கும். இதே காரணத்துக்காகத்தான் குடும்பப் படங்களின் பட்டியல், மாலை மாற்றும் நேரம், மண்டப மேலாளரின் எண் போன்ற கேள்விகளை இந்தச் செய்தியில் சேர்க்கக் கூடாது என்கிறேன். எளிய கேள்வியும் கடினமான கேள்வியும் ஒரே செய்தியில் வந்தால், மனிதர்கள் எளியதற்குத்தான் பதில் சொல்வார்கள். அந்தக் கேள்விகளை மறுநாளோ, பணம் வந்த பிறகோ தனியாகக் கேளுங்கள்.

அன்பு இந்தச் செய்தியில் இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. "ஆல்பம் தரும்போது கொடுத்தால் போதும்" என்பது முதல் இடம். இப்போது கேட்காத தொகையை நீங்களே எடுத்துச் சொல்லி அவருடைய ஐயத்தைப் போக்கிவிடுகிறீர்கள். கடைசிப் பத்தி இரண்டாவது இடம். உங்கள் பழைய செய்தியில் "வசதிப்படும்போது" என்று எல்லையில்லாமல் கொடுத்த சலுகையின் இடத்தில், "இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்" என்று எல்லையோடு ஒரு சலுகை வந்திருக்கிறது. சிரமம் உள்ளவர் பேசலாம்; ஆனால் 19-ஆம் தேதி இரவில் வந்து பேச வேண்டியதில்லை. சிரமம் இல்லாதவர் பேசாமல் இருப்பதாலேயே தேதியை ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.

வங்கிக் கணக்கு எண்ணைச் செய்தியிலேயே எழுதலாமே என்று தோன்றும். முன்பணம் வந்த கணக்கே என்றால், "அதே கணக்கு, மாறவில்லை" என்று சொல்வதுதான் பாதுகாப்பானது. கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று வரும் செய்திகளை நம்பிப் பலர் ஏமாந்திருப்பதால், திடீரென்று ஒரு எண்ணைப் பார்த்தால் கவனமுள்ள மனிதர் தயங்கத்தான் செய்வார். உண்மையிலேயே கணக்கு மாறியிருந்தால் அதைச் செய்தியில் தெரிவிக்காமல் தொலைபேசியில் சொல்லுங்கள். புதிய கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். யுபிஐ-யில் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயர் உங்கள் ஸ்டுடியோவின் பெயராக இல்லாமல் உங்கள் மனைவியின் பெயராகவோ தம்பியின் பெயராகவோ இருந்தால், அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் செய்தியை ஆகஸ்ட் 10 திங்கட்கிழமை அனுப்புங்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அனுப்பினால் அது தகவல். இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினால் நெருக்கடி. நடைமுறைக் காரணமும் உண்டு. ஒருவர் மற்றொருவருக்கு யுபிஐ வழியாக ஒரு நாளில் அனுப்பக்கூடியது பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்தான். 90,000 அதற்குள் அடங்கும் என்றாலும், அதே நாளில் அவர் பூ அலங்காரத்துக்கு 25,000 அனுப்பியிருந்தால் உங்களுடையது போகாது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம் என்றால், புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் குறைந்த தொகை மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு பல வங்கிகளில் இருக்கிறது. முன்பணத்தை மகன் கூகுள் பே-யில் அனுப்பியிருந்து, இந்தத் தவணையைத் தந்தை தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவதாக இருந்தால், அவருக்கு உங்கள் கணக்கு புதிய கணக்குதான். "அனுப்பினேன் தம்பி, போக மாட்டேங்குது" என்று அவர் சொல்வது அத்தகைய நேரங்களில் உண்மையாகவே இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பச் சொல்லலாம். நேரத்தைப் பொறுத்தவரை, திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அதைப் பார்க்கும் வீடு என்று தெரிந்தால் ஒன்பதரை மணிக்கு அனுப்புங்கள். ஒரு திருமண வீட்டில் இதுவும் நாகரிகம்தான்.

யாருக்கு அனுப்புவது என்பதில் இன்னும் கவனம் தேவை. பணம் கொடுப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள். மணப்பெண்ணுக்கு அனுப்பி "அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்" என்பது வேண்டாம். அவருக்கு அது சங்கடம், தந்தைக்கு அது அவமானம். நிகழ்ச்சி ஏற்பாட்டுக்காக இரு வீட்டாரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசமானது: சம்பந்தி வீட்டார் முன்னால் கடன் கேட்டது போல் ஆகிவிடும், அதன் பிறகு எவ்வளவு இனிமையாக எழுதினாலும் பயனில்லை. புகைப்படச் செலவை இரு வீட்டாரும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் 45,000-ஐ மட்டும் குறிப்பிட்டுத் தனித்தனியாக, ஒரே தேதியோடு அனுப்புங்கள். ஒருவர் கொடுத்தாரா இல்லையா என்பதை மற்றவரிடம் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தில் பெண் வீட்டார் மட்டுமே கையெழுத்திட்டிருந்தால், அவர்கள் என்ன பிரித்துக்கொண்டாலும் உங்களுக்குப் பொறுப்பு பெண்ணின் தந்தைதான். அப்போது முழுத் தொகையையும் அவரிடமே கேளுங்கள்.

முதல் செய்திக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், 19 புதன்கிழமை காலையில் ஒரு நினைவூட்டல் போதும். அதில் முழு விவரத்தையும் திரும்ப எழுத வேண்டாம். பழைய செய்தியைத் தொட்டு, அதற்கே பதிலாக இதை எழுதினால் விவரம் மேலே தானாகத் தெரியும்:

"வணக்கம் சார். நாளை வியாழன் மாலை 6 மணிக்குள் ரூ. 90,000 அனுப்ப வேண்டியதை நினைவுபடுத்துகிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், எனக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வசதியாகப் பரிவர்த்தனை எண்ணை மட்டும் தெரிவிக்கவும்."

20-ஆம் தேதி மாலை 6 மணி கடந்தும் வராவிட்டால், 6 மணி 5 நிமிடத்துக்குச் செய்தி அனுப்பாதீர்கள். மறுநாள் காலை தொலைபேசியில் கூப்பிடுங்கள். நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒரு நிமிடப் பேச்சு பல விஷயங்களைத் தெளிவாக்கிவிடும்: மறந்துவிட்டாரா, பணம் போகவில்லையா, கையில் இல்லையா என்பது குரலிலேயே தெரியும். பேசி முடித்ததும், பேசியதை எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். அந்தச் செய்தியில்தான் விளைவைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். முதல் செய்தியில் சொன்னால் அது மிரட்டல்.

"வணக்கம் சார். காலையில் பேசியபடி, ரூ. 90,000-ஐ நாளை 22 சனிக்கிழமை பகல் 12 மணிக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கேண்டிட், வீடியோ எடுப்பவர்களை அதுவரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் அவர்கள் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுவார்கள், அதே ஆட்களை என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இந்த நேரத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளவும்."

"பணம் வராவிட்டால் நாங்கள் வர மாட்டோம்" என்ற வரி இதில் இல்லை, இருக்கவும் கூடாது. அந்த வரி அடுத்த பத்து நிமிடத்தில் படமாக எடுக்கப்பட்டு, சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லோருக்கும் போய்ச் சேரும். முகூர்த்தத்தன்று உண்மையிலேயே போகாமல் இருக்க உங்களுக்கும் மனம் வராது. செய்ய மாட்டாத ஒன்றை எழுதினால் அடுத்த தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டத்தின் பார்வையும் இதற்கு ஒத்துப்போகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இரு தரப்பும் ஒன்றுக்கொன்று செய்து தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தில், முதலில் செய்ய வேண்டியவர் செய்யாமல் இருந்தால் அவர் மற்றவரைச் செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் எது முதலில், எது பிறகு என்பது ஒப்பந்தத்திலிருந்து தெரிய வேண்டும். உங்களுடையதில் தேதி இருக்கிறது, ஆனால் தொகை வந்த பிறகே குழு உறுதி செய்யப்படும் என்ற வரி இல்லையென்றால், ஒரு வாட்ஸ்அப் செய்தியால் புதிதாக ஒரு நிபந்தனையை உண்டாக்க முடியாது. உண்மை நிலையை மட்டும் சொல்லலாம், மேலே உள்ள செய்தி அதைத்தான் சொல்கிறது. அடுத்த ஒப்பந்தத்திலாவது அந்த வரியைச் சேர்த்து, "பத்து நாள் முன்பு" என்பதற்குப் பதிலாகத் தேதியையே எழுதுங்கள்.

அவகாசம் கொடுத்தால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதே சட்டம் ஒரு காரணம். நேரத்தோடு செய்வதே ஒப்பந்தத்தின் உயிர் என்று இருந்தாலும், தாமதமாகச் செய்வதை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்தால் வந்த இழப்பைப் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே சொல்லியிருக்க வேண்டும். நம் தொழிலில் யாரும் இதற்காக நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் "நீங்கள்தான் பரவாயில்லை என்றீர்களே" என்ற பேச்சு வரும்போது, தேதியோடு எழுதிய இரண்டு வரிகள் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டுத் திருமணங்களில் வழக்கமாக வரும் ஒரு பதிலுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்: "வரவேற்பு அன்னைக்கு மொய் வந்துடும் தம்பி, அப்பவே கையில கொடுத்துடறேன்." சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார், பணமும் அன்று உண்மையிலேயே இருக்கும். ஆனால் அந்த இரவில் மொய்ப் பணம் யாரிடம் இருக்கிறது, எப்போது எண்ணப்படுகிறது என்பது அவருக்கே தெரியாது. மைத்துனர் பையை வாங்கிப் பூட்டி வைத்திருப்பார், சாவி வீட்டில் இருக்கும், சமையல்காரர் உங்களுக்கு முன்பே நின்றுகொண்டிருப்பார். உங்கள் இடமும் அப்போது மேடையில் இருக்க வேண்டுமே தவிர, மண்டப அலுவலக வாசலில் அல்ல. இதற்கு முழுதாக மறுப்புச் சொல்லாமல், தொகையைப் பிரித்துக் கேட்கலாம்:

"புரிகிறது சார், அப்படியே ஒரு பகுதியை வைத்துக்கொள்வோம். ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய ரூ. 60,000-ஐ மட்டும் 20 வியாழன் மாலை 6 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். மீதி ரூ. 30,000-ஐ 29 சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நாங்கள் மண்டபத்துக்கு வரும்போது கொடுத்தால் போதும்."

இங்கே 60,000 என்பது உங்கள் குழுவுக்கு நீங்கள் உண்மையில் கொடுக்க வேண்டிய தொகையாக இருக்க வேண்டும். அதை நீங்களே கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் வாங்கும் நேரத்தை வரவேற்பு தொடங்குவதற்கு முன்பே வைத்திருப்பதையும் பாருங்கள். நாலு மணிக்கு அலங்காரம் நடந்துகொண்டிருக்கும், அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார், இரண்டு நிமிடம் பேசலாம்; ஏழு மணிக்கு மேல் அவரைப் பிடிக்க முடியாது. ரொக்கமாக வாங்கினால் அங்கேயே ரசீது எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, தண்டம் வாங்குபவர் மீதுதான் விழும். உங்கள் தொகை அதற்குள் இருக்கிறது. பெரிய வேலைகள் எடுக்கும்போது, தவணைகளாகப் பிரித்து வாங்கினாலும் கூட்டுத்தொகையைத்தான் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பணம் வந்ததும் அன்றே ஒரு செய்தி போக வேண்டும். பலர் ஒரு கைகூப்பும் படத்தோடு இதை முடித்துவிடுகிறார்கள். ஆனால் பணம் அனுப்பியவர் எதிர்பார்ப்பது நன்றியை விடத் தகவலை. எதற்காக அந்தத் தேதிக்குள் கேட்டீர்களோ, அது நடந்துவிட்டது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்:

"ரூ. 90,000 வந்து சேர்ந்தது, மிக்க நன்றி சார். ரசீது இணைத்திருக்கிறேன். கேண்டிட், வீடியோ எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கும் உறுதி. 29 சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மண்டபத்தில் இருப்போம். இனி ஆல்பம் தரும்போது வர வேண்டிய ரூ. 30,000 மட்டுமே பாக்கி. குடும்பப் படங்களுக்கான பட்டியலை நாளை தனியாக அனுப்புகிறேன். யார் யார் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று வீட்டில் பேசி, 26 புதனுக்குள் சொன்னால் போதும்."